வலி தொடங்கிய இடம்

(கிழக்கேகோட்டையில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலையில் பொது அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வயிறு வலிக்கிறது என்று வருகிறவரிடம் நாங்கள் முதலில் சொல்வது, "எங்கே வலிக்கிறது, கையை வைத்துக் காட்டுங்கள்" என்பதைத்தான். சொல்வதைவிடக் காட்டுவது நம்பகமானது. சிலர் உள்ளங்கையை விரித்து வயிற்றின் நடுவில் வைத்து வட்டமாகத் தேய்ப்பார்கள். சிலர் ஒற்றை விரலால் "இதோ, இங்கே" என்று தொட்டுக் காட்டுவார்கள். தேய்த்துக் காட்டுகிற வலி ஒரு வகை, தொட்டுக் காட்டுகிற வலி வேறு வகை. இரண்டும் வெவ்வேறு நரம்புகள் வழியாக மூளைக்குப் போகின்றன. அந்த வேறுபாடு பிடிபட்டால், வலி இருக்கும் இடத்தை வைத்து எதை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

தொப்புளின் வழியாக மேலிருந்து கீழே ஒரு கோடும், குறுக்கே ஒரு கோடும் மனத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வயிறு நான்கு பங்காகிவிடும். வலது மேல்பங்கில் விலாவுக்கு அடியில் கல்லீரலும் பித்தப்பையும். இடது மேல்பங்கில் இரைப்பையின் பெரும்பகுதியும் மண்ணீரலும். வலது கீழ்ப்பங்கில் பெருங்குடலின் தொடக்கமும் அதிலிருந்து தொங்கும் குடல்வாலும். இடது கீழ்ப்பங்கில் பெருங்குடலின் கடைசி வளைவு. கணையம் நடுவில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் முதுகுப் பக்கம். பெண்களுக்கு அடிவயிற்றில் கருப்பையும், அதன் இருபக்கமும் சினைக்குழாயும் சினைப்பையும். இதுதான் படம். ஆனால் இந்தப் படத்தை அப்படியே நம்பி, வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே உள்ள உறுப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டினால் பாதி நேரம் தவறாகப் போகும். ஏன் என்று பார்ப்போம்.

தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது நம்முடைய உணவுப்பாதை உடலின் நடுக்கோட்டில் ஓடும் ஒரே குழாய். அதன் மேல்பகுதியிலிருந்து இரைப்பை, கல்லீரல், பித்தப்பை, கணையம் எல்லாம் வருகின்றன. நடுப்பகுதியிலிருந்து சிறுகுடலின் பெரும்பகுதியும் குடல்வாலும் பெருங்குடலின் முதற்பாதியும் வருகின்றன. கடைப்பகுதியிலிருந்து மீதிப் பெருங்குடல். பின்னால் குடல் நீண்டு, சுழன்று, வலமும் இடமுமாக இடம் மாறிப் போகிறது. நரம்புத் தொடர்பு மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே மேல்பகுதி உறுப்புகள் எது நோயுற்றாலும் முதலில் நெஞ்சுக்குழிக்குக் கீழே, நடுவில் வலிக்கும். நடுப்பகுதி எது நோயுற்றாலும் தொப்புளைச் சுற்றி வலிக்கும். கடைப்பகுதி என்றால் தொப்புளுக்குக் கீழே, அதுவும் நடுவில். தம்பானூர்ப் பக்கத்துப் பழைய லாட்ஜ் ஒன்றில் ஒரு மாடிக்கு ஒரே அழைப்புமணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் எந்த மாடி என்று தெரியும், எந்த அறை என்று தெரியாது. உள்ளுறுப்புகளின் வலி அப்படிப்பட்டது. உள்ளங்கையால் தேய்த்துக் காட்டுவது இந்த வலியைத்தான்.

வயிற்றுச் சுவரின் உட்புறத்தை மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கிறது. வயிற்று உறை என்று சொல்லலாம். அதன் நரம்புகள் தோலின் நரம்புகளோடு சேர்ந்தவை, இடம் தவறாமல் சொல்லக்கூடியவை. நோயுற்ற உறுப்பு வீங்கி, அழற்சி பரவி, அருகில் இருக்கும் உறையைத் தொட்ட பிறகுதான் ஒற்றை விரலால் காட்டக்கூடிய வலி பிறக்கிறது. ஆக, வலி முதலில் நடுவில் மங்கலாகத் தொடங்கி, சில மணி நேரம் கழித்து ஒரு பக்கமாகப் போய்க் கூர்மையாக நின்றால், உள்ளே நோய் வளர்ந்து எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: இப்போது எங்கே வலிக்கிறது என்பதோடு, எங்கே தொடங்கியது, எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதில்தான் பாதி நோய்க்கணிப்பு இருக்கிறது.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பது வயது, சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடையில் வேலை. இந்த மாதிரிப் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் எல்லோருடைய கதையும் இதுதான். ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் வழக்கமாகத் தின்னும் பழம்பொரி பிடிக்கவில்லை. இரவு ஏழெட்டு மணிக்குத் தொப்புளைச் சுற்றி ஒரு மந்தமான வலி. வெளிக்குப் போனால் சரியாகும் என்று போகிறான், சரியாகவில்லை. பத்து மணிக்கு ஒரு முறை வாந்தி. அம்மா "ராத்திரி பரோட்டா தின்னாதேன்னா கேக்கிறியா" என்று திட்டிக்கொண்டே இஞ்சிச்சாறு கொடுக்கிறாள். விடிகாலையில் தொப்புளைச் சுற்றி இருந்த வலி போயிருக்கிறது, ஆனால் அது வலப்பக்கம் கீழே வந்து நிற்கிறது. திரும்பிப் படுத்தால் வலி, இருமினால் வலி. எழுந்து நடக்கையில் வலது கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்து நடக்கிறான். லேசான காய்ச்சல், 38 டிகிரி செல்சியஸ் பக்கம்.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பசியின்மை, பிறகு வலி, பிறகு வாந்தி, பிறகு வலி இடம்மாறுதல், கடைசியில் காய்ச்சல். குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ், பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். வாந்தியும் பேதியும் முதலில் வந்து, வலி பின்னால் வந்தால் உணவு ஒவ்வாமையோ குடல் தொற்றோ என்று எண்ணுவதற்கு இடமுண்டு. வலி முன்னால் வந்து வாந்தி பின்னால் வந்தால் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய வயிறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கு இருக்கிறது, ஆனாலும் இது வீட்டில் உட்கார்ந்தே கவனிக்கக்கூடிய ஒன்று.

உள்ளே நடப்பது என்ன? குடல்வால் விரல் நீளத்தில், ஒரு முனை அடைத்த சிறு குழாய். அதன் வாயில் கெட்டிப்பட்ட மலத்துணுக்கோ, வீங்கிய நிணத்திசுவோ அடைத்துக்கொள்கிறது. குழாய் உப்புகிறது, இழுபடுகிறது. குடல்வால் நடுமாடியைச் சேர்ந்த உறுப்பு, ஆகவே தொப்புளில் மணி அடிக்கிறது. சில மணி நேரத்தில் சுவருக்குள் கிருமி பெருகி, அழற்சி வெளிப்புறத்துக்கு வந்து வயிற்று உறையைத் தொடுகிறது. அப்போதுதான் வலி வலது கீழ்ப்பக்கம் வருகிறது.

நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி 1889-ல் இந்த இடத்தைத் துல்லியமாக எழுதிவைத்தார். இடுப்பின் முன்புறம் வலப்பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனை இருக்கிறதல்லவா, அங்கிருந்து தொப்புளை நோக்கி ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் எலும்பிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்தில் விரலை வைத்தால் அதிகபட்ச வலி. இன்றும் மருத்துவ மாணவர்கள் மூன்றில் ஒரு பங்கு தூரம் என்று சொல்லி இதே புள்ளியைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள்.

அந்தப் பையனை ஆட்டோவில் ஏற்றி மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகும்போது இன்னொன்று தெரியும். சாலையில் உள்ள ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் முகம் சுளிப்பான். இதை இங்கிலாந்தில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளிவந்த அந்த ஆய்வில், குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர், வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலி கூடியதாகச் சொல்லியிருந்தார்கள். நோய் இல்லாதவர்களிலும் பலர் அப்படிச் சொன்னார்கள். ஆகவே குலுங்கும்போது வலித்தால் இந்த நோய்தான் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. குலுங்கியும் வலிக்கவே இல்லை என்றால் இந்த நோயாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. எங்கள் துறையில் ஓர் அடையாளத்தின் பயன் பெரும்பாலும் இப்படி ஒருபக்கமாகத்தான் இருக்கும்.

இனி இந்தப் பையனின் கதையில் எது பயங்கரம் என்று சொல்கிறேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வலி திடீரென்று குறைந்துபோகும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். சில வேளைகளில் உப்பிய குழாய் வெடித்து, அழுத்தம் குறைந்ததால் வந்த நிம்மதி அது. சில மணி நேரத்தில் வலி வயிறு முழுக்கப் பரவும், வயிறு பலகைபோல இறுகும், நாடி வேகமாகும், காய்ச்சல் ஏறும். ஆகவே குறைந்த வலியோடு பையன் நலமாக எழுந்து, பசிக்கிறது என்று கேட்டு, நடந்து திரிகிறானா என்று பாருங்கள். வலி குறைந்தும் ஆள் தளர்ந்து கிடந்தால் காத்திருக்காதீர்கள்.

"வயிற்றைக் கழுவிவிட்டால் சரியாகும்" என்று விளக்கெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். காரணம் தெரியாத வயிற்றுவலியில், அதுவும் வலப்பக்கம் கீழே வலி இருக்கும்போது, பேதி மருந்து கொடுக்கவே கூடாது. அடைபட்டு உப்பிய குழாயின் மேல் குடலை வேகமாக இறுகச் செய்வது வெடிப்பதற்கு வழிவகுக்கும்.

இந்த நோய்க்கு அரசன் ஆண்டி என்ற பேதம் கிடையாது. 1902-ல் லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே வயிற்றுவலி. விழாவை நிறுத்த மன்னருக்கு மனமில்லை. ஜூன் 24 அன்று பிரெடரிக் டிரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே வயிற்றைத் திறந்து, குடல்வாலைச் சுற்றிக் கட்டியிருந்த சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்தார், ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார். அதே டிரீவ்ஸின் இளைய மகள் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு இதே நோயில் இறந்துபோயிருந்தாள். காலதாமதம் என்ன செய்யும் என்பதை அறிந்த ஒரு தகப்பன் மன்னரின் படுக்கையருகில் நின்று, விழா வேண்டாம் என்று வற்புறுத்தியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இனி விதிவிலக்குக்கு வருவோம். குடல்வால் ஒரே இடத்தில் தொங்குவதில்லை. பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலி முன்புறம் தெளிவாக வராது, வலது இடுப்பிலோ முதுகுப் பக்கமோ தோன்றும். கீழே இடுப்புக்கூட்டுக்குள் தொங்கினால் சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ உரசி, நீர் எரிச்சலும் அடிக்கடி வெளிக்குப் போகிற உணர்வும் தரும். அப்போது மூத்திரத் தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. சிறு குழந்தைகளும் முதியவர்களும் வரிசைப்படி கதை சொல்லமாட்டார்கள். அவர்களிடம் நோய் விரைவாக முற்றிவிடும். இதனால்தான் இன்று ஸ்கேன் வருகிறது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட், சந்தேகம் தீராத பெரியவர்களுக்கு சி.டி. ஸ்கேன். சிலருக்கு அறுவையில்லாமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் இப்போது உண்டு, ஆனால் அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் அறுவை தேவைப்படுகிறது. அதை மருத்துவமனையில் இருந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும்.

பெண்ணாக இருந்தால் வலது கீழ்வலிக்கு இன்னொரு பட்டியலே உண்டு. அதில் ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். கரு, கருப்பைக்குள் தங்காமல் சினைக்குழாயிலேயே தங்கி வளரும் நிலை. மாதவிலக்குத் தள்ளிப்போய் ஆறு, எட்டு வாரம் ஆகியிருக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கொஞ்சமாக இரத்தக்கசிவு. குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கொட்டினால் தலைசுற்றி மயக்கம் வரும், முகம் வெளிறும். படுக்கும்போது தோள்பட்டையின் நுனியில் வலி வரும் பெண்களும் உண்டு. அடிவயிற்றில் இரத்தம், வலி தோளில், எப்படி? மூச்சை இயக்கும் உதரவிதானம் கருவில் கழுத்துப் பக்கம் உருவாகிப் பின் கீழே இறங்கியது. அதன் நரம்பு இன்னமும் கழுத்திலிருந்தே வருகிறது. இரத்தம் மேலே தேங்கி உதரவிதானத்தைத் தொட்டால் மூளைக்குத் தோள்வலியாகவே அது கேட்கும். கருவுறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் அடிவயிற்றில் வலி வந்தால், "அதற்கு வாய்ப்பே இல்லை" என்று வீட்டார் எவ்வளவு சொன்னாலும், ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். கூச்சத்தால் இதைத் தவிர்ப்பதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

மேலே போவோம். வலது விலாவுக்கு அடியில் வலி என்றால் முதலில் பித்தப்பையை எண்ணுவோம். பித்தக்கல் வலி பெரும்பாலும் எண்ணெய்ப் பலகாரமோ இறைச்சியோ சாப்பிட்ட பிறகு, பல சமயம் இரவில் வரும். நெஞ்சுக்குழியில் தொடங்கும், பிறகு வலது விலா, அங்கிருந்து வலது தோள்பட்டை எலும்பின் அடி. அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை நிற்கும், பிறகு போய்விடும். போனதும் மறந்துவிடுகிறோம், அரிஷ்டம் குடித்ததால் போனது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆறு மணி நேரம் கடந்தும் வலி இருந்து, காய்ச்சலும் வந்தால், பை அழற்சியுற்றிருக்கலாம். வலப்பக்க விலாவுக்கு அடியில் விரலை வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னால் பாதியில் மூச்சு நிற்கும். கண் மஞ்சளாகி, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், பித்தக்குழாய் அடைத்துக் கிருமி இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெஞ்சுக்குழி வலிதான் நம் ஊரில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. எல்லாமே "கேஸ்" ஆகிவிடுகிறது. பசிக்கும்போதோ நள்ளிரவிலோ எரிந்து, எதையாவது சாப்பிட்டால் தணிந்தால் புண்ணாக இருக்கலாம். ஆனால் நாற்பது வயது தாண்டிய ஒருவருக்கு, அதுவும் சர்க்கரை நோயாளிக்கோ பீடி சிகரெட் பிடிப்பவருக்கோ, நெஞ்சுக்குழியில் அழுத்தம், வியர்வை, குமட்டல், ஏப்பம் விட்டாலும் தீராத பாரம் என்றால், முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதயத்தின் அடிப்புறம் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அங்கே இரத்தம் தடைப்பட்டால் வலி மேல்வயிற்றிலும் தெரியலாம். ஆன்டாசிட் குடித்துவிட்டுக் காலை வரை காத்திருக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

அந்த நெஞ்சுக்குழி வலியே முதுகுவரை துளைத்துக்கொண்டு போனால் கணையம். இதில் நம்முடைய நாட்டுக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது, அதை இந்த ஊரில் நின்று சொல்லாமல் எப்படிப் போவது? 1959-ல் இந்தோனேசியாவில் சுய்டெமா என்ற மருத்துவர், ஊட்டமில்லாத ஏழை இளைஞர்கள் பலருக்குக் கணையத்தில் கற்கள் இருப்பதையும், அவர்களுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதையும் எழுதினார். அதே காலத்தில் கேரளத்தில் இதே நோயாளிகளைப் பெருமளவில் பார்த்து, வரிசைப்படுத்தி உலகுக்குச் சொன்னவர் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ். 1968-ல் கணையச் சர்க்கரை நோயைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். சாராயம் தொட்டறியாத சிறுவர்களும் இளைஞர்களும் இதற்கு ஆளாயினர். சிறுவயதில் அடிக்கடி மேல்வயிற்றில் முதுகுக்குப் போகும் வலி வரும். சற்று முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம், மல்லாந்து படுத்தால் கூடும். சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை நோய் வரும், எண்ணெய்ப்பசையோடு மிதக்கும் மலம் வரும், உடல் இளைத்துப்போகும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் குறுக்கே, முதல் இரண்டு இடுப்பு முதுகெலும்புகளின் மட்டத்தில், வெள்ளை வெள்ளையாகக் கற்கள் தெரியும்.

ஏன் இந்த மண்ணில்? முதலில் குற்றம் சாட்டப்பட்டது மரச்சீனிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சகாலத்துக்கு உதவும் என்று ஊக்கப்படுத்திய அதே கிழங்கு. நன்றாக வேகவைத்து வடிக்காவிட்டால் அதில் சயனைடு சேர்ந்த நஞ்சு உண்டு என்பதால் சந்தேகம் எழுந்தது. ஆனால் மரச்சீனி அதிகம் உண்ணும் எல்லா ஊர்களிலும் இந்த நோய் இல்லை. மரச்சீனியே உண்ணாத இந்தியப் பகுதிகளிலும் நோய் இருக்கிறது. பின்னர் மரபணுவில் ஒரு மாற்றம் இந்நோயாளிகளில் கணிசமானவர்களிடம் இருப்பது தெரிந்தது. இன்று ஒரே காரணம் என்று கிழங்கைக் குறைசொல்வோர் குறைவு. மரச்சீனியும் மீன்கறியும் உண்டு வளர்ந்தவன் என்ற முறையில், அந்தத் தட்டைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மகிழ்ச்சியே. உங்கள் வீட்டு இளைஞன் ஒருவன் அடிக்கடி மேல்வயிற்றில் முதுகுக்குத் துளைக்கும் வலி என்று சொன்னால் மட்டும், "பரீட்சைப் பயம்" என்று தள்ளிவிடாமல், கணையத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இடது மேல்பங்கு விரைவாகக் கடந்துபோகக்கூடியது. அங்கே பெரும்பாலும் இரைப்பையும் குடலின் வாயுவும்தான். ஆனால் சைக்கிளிலிருந்து விழுந்தோ அடிபட்டோ அந்தப் பக்கம் வலித்தால், கூடவே இடது தோளும் வலித்தால், மண்ணீரல் கிழிந்திருக்கலாம்.

பக்கவாட்டில், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பின்புறம் தொடங்கி, முன்புறமாக அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்கும் வலி, சிறுநீர்க்குழாயில் கல். இதில் ஆளைப் பார்த்தாலே தெரியும். கல் நோயாளி ஒரு நிமிடம் ஒரே இடத்தில் கிடக்கமாட்டார். எழுவார், நடப்பார், படுப்பார், உருளுவார். வயிற்று உறை அழற்சி வந்தவரோ அசையவே பயந்து, முழங்காலை மடக்கி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடப்பார். இந்த இரண்டு படங்களும் மனத்தில் இருந்தால் வீட்டார் கணிப்பில் பாதி வந்துவிடும்.

இடது கீழ்ப்பங்கில் மலச்சிக்கல்தான் மிகச் சாதாரணம். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வெளிக்குப் போகும் பழக்கம் மாறி, இரத்தமும் கலந்து, அந்தப் பக்கம் வலித்தால், மூலம் என்று தானாகவே முடிவுகட்டாமல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடிவயிற்றின் நடுவில் உருண்டைபோல மேலே வீங்கி, நீர் பிரியாமல் துடிக்கும் முதியவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது. குழாய் போட்டு நீரை வடித்துவிட்டால் அந்த வலி போய்விடும்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் சாப்பாடு வேண்டாம் என்பது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். அறுவை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும், மருத்துவர் கண்டுபிடிக்க முடியாது என்ற பழைய பயமும் தேவையில்லை. ஆய்வுகளின்படி மருத்துவமனையில் தரும் வலிநிவாரணி கணிப்பைக் கெடுப்பதில்லை. வலியோடு காத்திருக்க வைப்பதைக் கேள்வி கேளுங்கள்.

கடைசியாக இங்கு இருக்கும் தாய்மார்களிடம் ஒன்று. பத்து முதல் பதினெட்டு வயதுப் பையன் திடீரென்று அடிவயிற்றில் வலி என்று சொல்லி வாந்தியும் எடுத்தால், அவன் சொல்லாத ஓர் இடம் இருக்கலாம். விதை முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றுக்கு ஏறும், பையன் வெட்கத்தில் வயிறு என்று மட்டும் சொல்லுவான். அதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான், அதற்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரிக்காவிட்டால் விதையை இழக்க நேரும். அப்பாவோ மாமாவோ தனியாக அழைத்துச் சென்று கேட்கட்டும்: "கீழே வலிக்குதாடா? வீங்கியிருக்கா?" ஆம் என்றால் நேரம் என்ன ஆனாலும் உடனே புறப்பட்டுவிடுங்கள்.